சைகை மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு பிரதி: மேடைப்பேச்சை உடைத்து எழுதும் முறை

ஜூலை 10 நெருங்கினால் வேலூரில் மேடைகள் முளைக்கத் தொடங்கிவிடும். 1806இல் அந்த நாளின் விடியலுக்கு முன்தான் கோட்டைக்குள் இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்தார்கள். காலையில் மக்கான் சந்திப்பு நினைவுத்தூணுக்கு மாலை, மாலையில் ஏதாவது ஒரு மண்டபத்தில் கூட்டம். அப்படிப்பட்ட ஒரு கூட்டத்துக்குக் காது கேளாதோர் இருபது பேர் வருவதாகச் சொன்னார்கள். பேச்சாளர் பக்கத்தில் நின்று சைகை மொழியில் சொல்ல ஒரு பெண்மணி குடியாத்தத்திலிருந்து வந்தார். அவருக்குப் பேச்சின் பிரதியைத் தயாரித்துக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. பேச்சாளர், ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர், எழுதிக் கொடுத்த எட்டுப் பக்கத்தை அப்படியே நகலெடுத்து, கூட்டம் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கையில் மொழிபெயர்ப்பாளர் கையில் கொடுத்தேன். முதல் பக்கத்தைப் படித்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"சார், இந்த வாக்கியத்தில் யார் யாரை அடிக்கிறார்கள்?"

நான் வாங்கிப் பார்த்தேன். வாக்கியம் அந்தப் பக்கத்தில் முடியவே இல்லை. வினைச்சொல் அடுத்த பக்கத்தில் இருந்தது. அன்றைய கூட்டம் எப்படியோ நடந்து முடிந்தது. அதன் பிறகு அவரிடமே உட்கார்ந்து கற்றுக்கொண்டதைத்தான், இந்த வேலையைப் புதிதாக எடுத்துக்கொள்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். அதே ஆசிரியரின் அதே 1806 பேச்சை இன்னொரு கூட்டத்துக்காக மறுபடி எழுதினேன், அதையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். வேலூர்க்காரர்களுக்குத் தெரிந்த கதை என்பதால் கதையில் மாட்டிக்கொள்ளாமல் எழுதும் முறையைக் கவனிக்கலாம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை எடுத்துவிடுவோம்

புதிதாக வருபவர்கள் இணையத்தில் கொஞ்சம் படித்துவிட்டு, "இந்திய சைகை மொழியில் காலம் முதலில் வரும், கேள்விச் சொல்லும் இல்லை என்பதும் கடைசியில் வரும், வேற்றுமை உருபு கிடையாது" என்று தெரிந்துகொள்கிறார்கள். உடனே பிரதியை "நாளை கூட்டம் இடம் எங்கே" என்கிற பாணியில் எழுதிக் கொடுக்கிறார்கள். தெரிந்துகொண்டது சரி, எழுதியது தவறு. சைகை மொழியில் எப்படிச் சொல்வது என்பது மொழிபெயர்ப்பாளரின் தொழில். முகபாவம், புருவம், கைகள் நகரும் திசை எல்லாம் சேர்ந்துதான் அந்த மொழியின் இலக்கணம். அதைத் தாளில் எழுத நமக்கு வராது. நாம் எழுத வேண்டியது தமிழ்தான். நல்ல, முழுமையான, யார் என்ன செய்தார் என்று படித்த உடனே தெரிகிற தமிழ்.

இதில் ஏன் இவ்வளவு கவனம் என்றால், மொழிபெயர்ப்பாளர் பேச்சாளருக்குச் சில விநாடிகள் பின்னால் வந்துகொண்டிருக்கிறார். காதில் விழுவதை மனத்தில் பிடித்து வைத்துக்கொண்டு, முந்தைய வாக்கியத்தைக் கையால் சொல்லிக்கொண்டிருப்பார். தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். எழுந்தார்களா, எழவில்லையா என்பது வாக்கியத்தின் கடைசி அசையில்தான் தெரியும். வாக்கியம் நான்கு சொல்லில் முடிந்தால் பரவாயில்லை. நாற்பது சொல் நீண்டால், அத்தனையும் மனத்தில் தேங்கி நிற்கும். வினை வந்து சேருவதற்குள் பேச்சாளர் அடுத்த வாக்கியத்தைத் தொடங்கியிருப்பார். நாம் எழுதும் பிரதியின் வேலை அந்தத் தேக்கத்தைக் குறைப்பதுதான்.

பேச்சைப் பேச்சாகவே வாங்குங்கள்

பேச்சாளரிடம் கட்டுரை கேட்காதீர்கள். எழுதச் சொன்னால் அவர் எழுத்துக்கு என்று வைத்திருக்கும் நீள வாக்கியங்களை எடுத்துவிடுவார். வீட்டுக்குப் போய், கைப்பேசியில் பதிவுசெய்துகொண்டு, "ஐயா, எனக்குச் சொல்வதுபோல் ஒருமுறை சொல்லுங்கள்" என்று கேளுங்கள். நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆசிரியர் பதினைந்து நிமிடம் என்று சொல்லிவிட்டு இருபத்தெட்டு நிமிடம் பேசினார். அது முன்னாலேயே தெரிந்தது நல்லதாகப் போயிற்று. இருபது நிமிடத்துக்கு மேல் ஒருவரே தொடர்ந்து மொழிபெயர்த்தால் களைப்பில் தவறு வரும் என்பதால் இரண்டாவது ஆளைத் தேட வேண்டும், இல்லாவிட்டால் பேச்சைச் சுருக்க வேண்டும். நாங்கள் சுருக்கினோம்.

ஒரு வாக்கியத்தை உடைத்துப் பார்ப்போம்

எங்கள் பேச்சாளர் எழுதியிருந்த வாக்கியம் இதுதான்:

"1799இல் திப்பு சுல்தான் போர்க்களத்தில் வீழ்ந்த பின்னர் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டுக் காவலில் வைக்கப்பட்டிருந்த அவரது குடும்பத்தில் நடந்த மகளின் திருமணத்தைச் சாக்காக வைத்துக் கூடிய, நெற்றிக்குறியை அழிக்கவும் தாடியை மழிக்கவும் தோல் பட்டை வைத்த புதிய தலைப்பாகையை அணியவும் கட்டாயப்படுத்தப்பட்டுக் கொதித்துப்போயிருந்த சிப்பாய்கள், 1806 ஜூலை 10 விடியுமுன் தூங்கிக்கொண்டிருந்த ஆங்கிலேயரைத் தாக்கினார்கள்."

மேடையில் கணீரென்று ஒலிக்கும், சந்தேகமில்லை. ஆனால் "தாக்கினார்கள்" என்ற சொல் வரும்வரை இது எதைப் பற்றிய வாக்கியம் என்றே தெரியாது. நடந்த வரிசையும் கலைந்து கிடக்கிறது. 1799, பிறகு திருமணம், பிறகு அதற்கு எட்டு மாதம் முந்தைய உத்தரவு, மறுபடியும் ஜூலை 10. காதால் கேட்பவர்கள் "அணியவும்", "கூடிய" போன்ற ஒட்டுகளைப் பிடித்துக்கொண்டு வரிசையைச் சரிசெய்துகொள்வார்கள். சைகை மொழியில் கதை கண்முன் நடக்கிறது. முதலில் காட்டியதுதான் முதலில் நடந்தது என்று பார்ப்பவர் எடுத்துக்கொள்வார். நடுவில் பின்னோக்கிப் போக வேண்டுமானால் அதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும்.

உடைத்து எழுதியபோது இப்படி வந்தது:

1799. திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் போரில் இறந்தார்.
ஆங்கிலேயர் திப்புவின் குடும்பத்தை வேலூருக்குக் கொண்டுவந்தார்கள். கோட்டைக்குள் காவலில் வைத்தார்கள்.
அதே கோட்டைக்குள் படையும் இருந்தது. ஒரு பக்கம் ஆங்கிலேயச் சிப்பாய்கள். இன்னொரு பக்கம் இந்தியச் சிப்பாய்கள்.
1805 நவம்பர். படைத் தலைமை இந்தியச் சிப்பாய்களுக்கு உத்தரவு போட்டது.
நெற்றியில் குறி இருக்கக் கூடாது. தாடி இருக்கக் கூடாது. புதிய தலைப்பாகையைப் போட வேண்டும். புதிய தலைப்பாகையில் தோல் இருந்தது.
இந்தியச் சிப்பாய்களுக்குக் கடும் கோபம் வந்தது.
1806 ஜூலை 9. கோட்டைக்குள் திப்புவின் மகளுக்குத் திருமணம். இந்தியச் சிப்பாய்கள் திருமணத்தைக் காரணம் சொல்லிக் கூடினார்கள்.
ஜூலை 10. நள்ளிரவு தாண்டிவிட்டது. இன்னும் விடியவில்லை. ஆங்கிலேயச் சிப்பாய்கள் தூங்குகிறார்கள்.
இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயச் சிப்பாய்களைத் தாக்கினார்கள்.

இலக்கிய நயம் போய்விட்டது என்று ஆசிரியர் முதலில் வருத்தப்பட்டார். பிறகு உரக்கப் படித்துப் பார்த்துவிட்டு, கடைசி வரிக்கு முன் தாமே நிறுத்தினார். "இங்கே கொஞ்சம் மூச்சு விட்டால் நன்றாக இருக்கும் போலிருக்கிறதே" என்றார். நயம் எங்கும் போகவில்லை, இடம் மாறியிருந்தது.

இதில் நான் செய்ததைத் திரும்பிப் பாருங்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரே ஒரு செயல். காலம் மாறும் இடத்தில் காலம் முதலில். மூன்றாவது வரிதான் எனக்குப் பிடித்தது. மூலத்தில் அது இல்லவே இல்லை. சண்டைக்கு முன்னால் சண்டை போடும் இரண்டு தரப்பையும் அறிமுகப்படுத்துவதற்காகச் சேர்த்தேன். சைகை மொழியில் ஆளையோ கூட்டத்தையோ காற்றில் ஓர் இடத்தில் நிறுத்திவைத்து, பிறகு அந்த இடத்தைச் சுட்டியே பேசுவார்கள். தாக்கியது, கொடுத்தது, சொன்னது போன்ற வினைகள் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகரும். நகர வேண்டுமானால் இரண்டு இடமும் முன்னாலேயே இருக்க வேண்டும். வலப்பக்கம் யார், இடப்பக்கம் யார் என்பதை மொழிபெயர்ப்பாளர் முடிவுசெய்வார். ஆள்களை நேரத்தோடு கொண்டுவந்து நிறுத்துவது நம் வேலை.

"சிப்பாய்கள்" என்று மட்டும் இருந்த இடத்தில் எல்லாம் "இந்திய", "ஆங்கிலேய" என்று சேர்த்ததையும் கவனித்திருப்பீர்கள். தமிழ்ப் பேச்சில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னால் சலிப்புத் தட்டும் என்று "அவர்கள்", "வீரர்கள்", "படையினர்" என்று மாற்றி மாற்றிப் போடுவோம். இங்கே அந்தப் பழக்கத்தை மூட்டை கட்டி வையுங்கள். ஒருவருக்கு ஒரே பெயர். முதல் பக்கத்தில் "சிப்பாய்" என்றால் கடைசிப் பக்கம்வரை சிப்பாய்தான்.

காசு வைத்துப் பார்க்கும் சோதனை

உடைத்து எழுதிவிட்டோம் என்று நாம் நினைத்துக்கொள்வோம். நினைத்தால் போதாது, சோதித்துப் பார்க்க வேண்டும். ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: கோட்டை, ஆற்காடு, கோட்டைக்கு வெளியே. ஆங்கிலேயருக்கு ஐந்து ரூபாய் நாணயம், இந்தியச் சிப்பாய்களுக்கு ஒரு ரூபாய் நாணயம். உங்கள் பிரதியை வரிவரியாகப் படித்துக்கொண்டே நாணயத்தை நகர்த்துங்கள். எந்த நாணயத்தை எங்கே நகர்த்துவது என்று கை தயங்கினால், அந்த வரியில் எழுவாய் காணாமல் போயிருக்கிறது என்று அர்த்தம்.

எனக்குக் கை நின்ற இடம் இது: "ஆற்காட்டுக்குச் செய்தி போனது. கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்தார்."

செய்தி தானாகப் போகாது. யார் கொண்டுபோனார்? கோட்டைக்கு வெளியே இருந்த ஓர் ஆங்கிலேய அதிகாரி. தமிழ் செய்பவரை மறைத்து வைப்பதில் கெட்டிக்கார மொழி. "தகவல் தெரிவிக்கப்பட்டது", "சுடப்பட்டார்கள்", "முடிவாயிற்று" என்று யார் பெயரையும் சொல்லாமல் ஒரு முழு நூற்றாண்டையே கடந்துவிடலாம். அலுவலகக் கடிதம் எழுதிப் பழகியவர்களுக்கு இது கைவந்த கலை. சைகை மொழியில் செய்தி ஒரு கையிலிருந்து புறப்பட்டாக வேண்டும். ஆகவே "படு" வருகிற ஒவ்வொரு வினையையும் பேனாவால் வட்டமிட்டு, பக்கத்தில் "யார்?" என்று எழுதுங்கள். பேச்சாளரிடம் கேளுங்கள். அவருக்கும் தெரியாவிட்டால், "யாரோ ஒருவர்" என்று வெளிப்படையாகவே எழுதுங்கள். அதுவும் ஒரு பதில்தான்.

திருத்தியது: "கோட்டைக்கு வெளியே ஓர் ஆங்கிலேய அதிகாரி இருந்தார். அவர் ஆற்காட்டுக்குச் செய்தி அனுப்பினார். ஆற்காடு இங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டர். ஆற்காட்டில் குதிரைப்படை இருந்தது. அதன் தலைவர் பெயர் கில்லெஸ்பி. கில்லெஸ்பி குதிரைப்படையோடு ஆற்காட்டிலிருந்து வேலூருக்கு வந்தார்."

"வந்தார்" என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. பேச்சாளர் கோட்டைக்குள் நின்று கதை சொன்னால் கில்லெஸ்பி "வருகிறார்". ஆற்காட்டில் நின்று சொன்னால் அவர் "புறப்படுகிறார்". இரண்டும் மாறி மாறி வந்தால் குதிரை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியாது. கதை முழுவதையும் ஓர் இடத்தில் நின்றே சொல்வது என்று முதலிலேயே முடிவுசெய்துகொள்ளுங்கள். நாங்கள் கோட்டையில் நின்றுகொண்டோம்.

"என்றார்" கடைசியில் வந்தால்

மேடைப்பேச்சில் யாராவது யாரையாவது அதட்டிக்கொண்டே இருப்பார்கள். "இந்தத் தலைப்பாகையைப் போடு! போடாவிட்டால் தண்டனை! என்று அதிகாரி சிப்பாயைப் பார்த்துக் கத்தினார்." காதால் கேட்பவர்களுக்குக் குரல் மாறுவதிலேயே ஆள் மாறுவது தெரிந்துவிடும். மொழிபெயர்ப்பாளருக்கோ, பேசுகிறவர் யார் என்பது தெரிந்தால்தான் உடலைத் திருப்பி, அந்த ஆளாகவே மாறி, எதிரே நிற்பவரைப் பார்த்துச் சொல்ல முடியும். "கத்தினார்" கடைசியில் வந்தால் அதற்குள் வசனம் முடிந்துபோயிருக்கும்.

இதற்கு மருந்து எளிது. அறிமுகத்தை முன்னால் கொண்டுவாருங்கள்: "அதிகாரி சிப்பாயைப் பார்த்துக் கத்தினார்: இந்தத் தலைப்பாகையைப் போடு! போடாவிட்டால் தண்டனை!" "என்று" என்ற ஒரு சொல்தான் குறைந்தது, வேறெதுவும் கூடவில்லை, குறையவில்லை. பேச்சாளருக்கும் இது கடினமில்லை, ஒருமுறை பழக்கினால் போதும். முழுப் பிரதியில் இந்த ஒரு மாற்றத்தை மட்டும் செய்து கொடுத்தாலே மொழிபெயர்ப்பாளருக்குப் பாதிச் சுமை இறங்கும் என்பது என் அனுபவம்.

கேள்விகளுக்கும் இதே கதைதான். "யார் கொடுத்தது இந்தத் துணிச்சல்?" என்று பேச்சாளர் சபையைப் பார்த்துக் கேட்பார். பதிலை அவரே சொல்லப்போகிறாரா, சபை சொல்ல வேண்டுமா, இல்லை வெறும் ஆவேசமா என்பது மொழிபெயர்ப்பாளருக்குத் தெரிய வேண்டும். ஓரத்தில் "பதில் அடுத்த வரியில்" அல்லது "சபை பதில் சொல்லும்" என்று சிறிதாக எழுதிவிடுங்கள்.

சிலேடையும் பழமொழியும்

எங்கள் ஆசிரியர் பதிவில் ஒரு வரியைச் சொல்லிவிட்டுத் தாமே சிரித்துக்கொண்டார்: "சிப்பாய்கள் கோட்டையைப் பிடித்தார்கள், பிறகு கோட்டை விட்டார்கள்." அரங்கில் நிச்சயம் சிரிப்பு எழும். காது கேளாதோர் வரிசை மட்டும் சிரிக்காமல் மற்றவர்களைத் திரும்பிப் பார்க்கும். மேடையில் நிற்பவருக்கு இதைவிட மோசமான காட்சி இல்லை.

"கோட்டை விடுதல்" என்றால் வாய்ப்பை நழுவவிடுதல் என்பது தமிழ் வழக்கு. சைகையில் அந்த இரட்டைப் பொருள் கிடையாது. இப்படிப்பட்ட வரியை நீக்கச் சொல்லாதீர்கள், பேச்சாளர் முகம் சுருங்கிவிடும். அதன் கீழே இரண்டு குறிப்பு எழுதுங்கள். ஒன்று, பொருள்: "கிடைத்த வெற்றியை நழுவவிட்டார்கள். கோட்டை என்ற சொல்லை வைத்து விளையாட்டு." இரண்டு, பேச்சாளருக்கு: "இங்கே ஐந்து விநாடி நிறுத்துங்கள்." அந்த ஐந்து விநாடியில் மொழிபெயர்ப்பாளர் சிரிப்பின் காரணத்தைச் சொல்லிவிடுவார். சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வரும், ஆனால் வரும்.

எல்லா வழக்கும் இப்படிப் படுத்துவதில்லை. வேலூரைப் பற்றி ஊரில் சொல்லும் கிண்டல் உண்டல்லவா: தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். இது சைகையில் அழகாக உட்காரும். ஆறு, தண்ணீர் இல்லை. கோட்டை, ராஜா இல்லை. பொருளை முதலில் காட்டிவிட்டு "இல்லை" என்று முடிப்பது அந்த மொழிக்கு இயல்பு. நாம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, காலத்தைச் சேர்ப்பது. "முன்பு" என்று சொல்லாவிட்டால் இப்போது நடப்பதாகவே பொருள்படும். ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981இல் மூலவரை மீண்டும் எழுந்தருளச் செய்துவிட்டார்கள். "முன்பு ஊரில் இப்படிச் சொல்வார்கள்" என்று தொடங்கினால் பக்தர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆற்றைப் பற்றிய பகுதிக்கு "முன்பு" தேவையா என்பதைப் பாலாற்றைப் பார்த்தவர்கள் முடிவுசெய்துகொள்ளட்டும்.

பெயர், எண், படம்: தனியாக ஒரு தாள்

பிரதியின் முன்னால் ஒரு பக்கத் தாள் வையுங்கள். மனிதர் பெயர்களையும் வெளியூர்ப் பெயர்களையும் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் எழுதுங்கள். இந்தியச் சைகை மொழியில் பெயரை விரல்களால் எழுத்துக் கூட்டிக் காட்டுவது பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளில்தான். கில்லெஸ்பி என்ற பெயரைத் தமிழில் கேட்டுவிட்டு ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டச் சொன்னால் யாருக்கும் ஒரு நொடி தடுமாறத்தான் செய்யும். வேலூர், ஆற்காடு, குடியாத்தம் போன்ற ஊர்களுக்கு உள்ளூர்க் காது கேளாதோரிடையே ஏற்கெனவே சைகை இருக்கக்கூடும். அதை அகராதியில் தேடாமல் அவர்களிடமே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

எண்களை எண்ணாகவே எழுதுங்கள். ஒலிபெருக்கியின் எதிரொலியில் "எழுநூற்று", "எண்ணூற்று" இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். 1799, 1806 இரண்டுமே வருகிற பேச்சில் இது சாதாரணத் தவறில்லை. புரட்சி நடந்து தொண்ணூற்று மூன்று வருடம் கழித்துத் திப்பு இறந்ததாக ஆகிவிடும். பேச்சாளரின் பிரதியிலும் அந்த எண்களுக்குக் கீழே கோடிட்டு, அங்கே மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள்.

படம் எதற்கு என்று கேட்பீர்கள். "தலைப்பாகை" என்றால் நாம் உடனே தலையில் சுற்றிய துண்டை நினைப்போம். ஆனால் அன்றைய பிரச்சினையே புதிய தலைப்பாகை ஐரோப்பியத் தொப்பி மாதிரி இருந்ததும், அதில் தோல் பட்டை இருந்ததும்தான். சைகையில் அதன் வடிவத்தைக் கைகளால் காட்ட வேண்டும். வடிவம் தெரியாவிட்டால் சாதாரணத் தலைப்பாகையைக் காட்டிவிடுவார், கோபத்தின் காரணமே காணாமல் போகும். எங்கள் மொழிபெயர்ப்பாளர் கேட்ட முதல் படம் இதுதான். கதை திரும்பும் பொருள் எதுவோ அதற்குப் படம் வையுங்கள். மற்றவற்றுக்கு வேண்டாம்.

கண்ணுக்கு ஓய்வு வேண்டும்

காது கேட்பவர்கள் திரையில் படத்தைப் பார்த்துக்கொண்டே பேச்சையும் கேட்பார்கள். காது கேளாதோருக்கு இரண்டுக்கும் ஒரே கண். படத்தைப் பார்த்தால் சைகை போய்விடும். ஆகவே திரையில் படம் வரும் ஒவ்வொரு இடத்திலும் பிரதியில் "நிறுத்தம், பத்து விநாடி, பேச வேண்டாம்" என்று பெரிதாக எழுதுங்கள். வெறும் "நிறுத்தம்" என்று எழுதியிருந்தேன். எங்கள் ஆசிரியர் சரியாக நிறுத்தினார், ஒரு மூச்சு விட்டார், உடனே தொடர்ந்துவிட்டார். விநாடி எண்ணிக்கையும் "பேச வேண்டாம்" என்பதும் அதற்குப் பிறகுதான் வந்தன.

தாளின் அமைப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பக்கம் மட்டும் அச்சு, பெரிய எழுத்து, வரி எண், வலப்பக்கம் குறிப்பெழுத மூன்று விரல் அகலம் இடம். வாக்கியம் பக்கத்தின் முடிவில் உடையக் கூடாது, என் முதல் பிரதிக்கு நேர்ந்தது உங்களுக்கு நேர வேண்டாம். பேச்சாளருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் ஒரே பிரதி. வேறு வேறு பிரதி கொடுத்தால் "பன்னிரண்டாவது வரி" என்று ஒருவர் சொன்னால் இன்னொருவர் வேறெங்கோ தேடுவார்.

முந்தைய நாளும் அந்த நாளும்

பிரதியை இரண்டு நாளுக்கு முன் கொடுங்கள். முந்தைய நாள் மாலை பேச்சாளரும் மொழிபெயர்ப்பாளரும் அரை மணி நேரம் சேர்ந்து உட்காரட்டும். முழுப் பேச்சும் வேண்டாம், முதல் பக்கத்தையும் சிலேடை வரும் இடத்தையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் போதும். பேச்சாளர் வேகம் எது, மொழிபெயர்ப்பாளர் எத்தனை விநாடி பின்னால் வருகிறார் என்பது இருவருக்கும் பிடிபட்டுவிடும். ஒரு சைகையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: மொழிபெயர்ப்பாளர் இடது உள்ளங்கையைப் பேச்சாளர் பக்கம் லேசாகக் காட்டினால் "மெதுவாக" என்று பொருள்.

மேடையில் மொழிபெயர்ப்பாளர் பேச்சாளருக்கு ஓரடி பக்கத்தில், இருவரும் ஒரே பார்வையில் தெரியும்படி நிற்க வேண்டும். முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும். பின்னால் சன்னல் இருந்தால் மாலை வெயிலில் கை வெறும் நிழலாகிவிடும். தோல் நிறத்திலிருந்து தெளிவாக வேறுபடும் ஒரே நிற உடை அவர்களுக்கே தெரியும், நாம் சொல்லத் தேவையில்லை. நாம் பார்க்க வேண்டியது ஒலிபெருக்கி. பெட்டிகள் சபையைப் பார்த்து நிற்கும், அதன் பின்னால் நிற்கும் மொழிபெயர்ப்பாளருக்கு வெறும் இரைச்சல்தான் கேட்கும். மேடையை நோக்கி ஒரு சிறிய பெட்டியைத் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். மைக்காரர் முனகுவார். விடாதீர்கள்.

பேச்சு நடக்கும்போது நீங்கள் பேச்சாளரைப் பார்க்காதீர்கள், காது கேளாதோர் வரிசையைப் பாருங்கள். பேச்சாளர் பேசிக்கொண்டிருக்கையில் மொழிபெயர்ப்பாளரின் கைகள் நின்றுபோனால் ஒரு நீள வாக்கியத்தில் வினைக்காகக் காத்திருக்கிறார். அது எந்த வரி என்று உங்கள் பிரதியில் குறியுங்கள். வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்த்துக் கேட்டால், ஆள் குழம்பிவிட்டது: யார் யாரை என்ன செய்தார் என்று தெரியவில்லை. பலர் ஒரே நேரத்தில் கைப்பேசியை எடுத்தால் அது பிரதியின் தவறாக இருக்காது, பேச்சே நீண்டுவிட்டது. எங்கள் இரண்டாவது கூட்டத்தில் கைகள் இரண்டு இடத்தில் நின்றன. இரண்டுமே ஆசிரியர் பிரதியை விட்டுவிட்டு உணர்ச்சிவசப்பட்டுச் சொந்தமாகப் பேசிய இடங்கள்.

கூட்டம் முடிந்ததும் மொழிபெயர்ப்பாளரின் பிரதியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். பஸ் பிடிக்கும் அவசரத்தில் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். வலப்பக்க இடத்தில் அவர் பென்சிலால் எழுதியவைதான் அடுத்த ஆண்டுப் பிரதிக்கு மூலதனம். என்னிடம் இருப்பதில் தலைப்பாகை வரிக்கு நேரே தொப்பியின் சின்னப் படம் ஒன்று வரைந்திருக்கிறார். கில்லெஸ்பி வரியில் ஆற்காட்டிலிருந்து வேலூருக்கு ஓர் அம்புக்குறி. "கோட்டை விட்டார்கள்" வரியின் கீழே நான் எழுதிய "ஐந்து விநாடி" என்பதை அடித்துவிட்டு, "எட்டு" என்று எழுதியிருக்கிறார்.